வைரத்தை மட்டும் பார்த்தால் போதுமா? ஆய்வுப் படம் ஒன்றை வாசிக்கும் முறை



முன்பெல்லாம் எமது ஆலோசனை அறைக்கு வருபவர்கள் பத்திரிகைத் துண்டொன்றை மடித்துக் கொண்டு வருவார்கள். இப்போது கைத்தொலைபேசியை நீட்டுகிறார்கள். அதில் ஒரு மருத்துவ சஞ்சிகையின் பக்கம் படமாக எடுக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் வரிசையாகப் பெயர்கள், நடுவில் ஒரு நிலைக்குத்துக் கோடு, அதன் இருபுறமும் சிறு சதுரங்களும் கிடைக்கோடுகளும், எல்லாவற்றுக்கும் கீழே வைரம் போன்ற ஒரு சாய்சதுரம். "டொக்டர், இதிலை இருக்கிற மருந்து உயிரைக் காக்குமாம். எனக்கும் எழுதித் தாங்கோ" என்று கேட்பார்கள். உறவினர் ஒருவர் அனுப்பியிருப்பார், அவருக்கு இன்னொருவர் அனுப்பியிருப்பார்.

இந்தப் படத்தின் பெயர் ஃபொரஸ்ட் பிளொட். ஒரே கேள்விக்கு விடை தேடிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணிக்கும் மெற்றா அனலிசிஸ் என்னும் கூட்டாய்வின் முடிவை ஒரே பார்வையில் காட்டுவதற்காக இதனை வரைகிறார்கள். இதனை வாசிக்கப் பெரிய கணித அறிவு தேவையில்லை. ஆனால் கீழேயுள்ள வைரத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் சில வேளைகளில் முற்றிலும் தவறான இடத்தில் போய் நிற்போம். அப்படி மருத்துவ உலகமே சில காலம் நின்ற ஒரு உண்மைச் சம்பவத்தை வைத்து இந்த இதழில் இதனை விளக்குகிறோம்.

எடுத்துக்கொண்ட உதாரணம்

மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவருக்கு மக்னீசியம் என்னும் உப்பை நாளத்தினூடாக ஏற்றினால் மரணம் குறையுமா? இதுதான் கேள்வி. 1980களில் பல நாடுகளில் இதற்காகச் சிறிய ஆய்வுகள் நடந்தன. அவற்றில் ஏழினை ஒன்றுசேர்த்த கூட்டாய்வு ஒன்று 1991இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. ஏழிலும் சேர்த்து 1301 நோயாளர்கள். மக்னீசியம் ஏற்றப்பட்ட 657 பேரில் 25 பேர் இறந்தனர். ஏற்றப்படாத 644 பேரில் 53 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு 8 பேர் இறக்கும் இடத்தில் 4 பேர் மட்டும். மலிவான உப்பு, மரணம் பாதியாகிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த ஏழு ஆய்வுகளின் இறப்பு எண்ணிக்கைகளை வைத்து நாம் மீண்டும் கணித்த வரிசைகளைக் கீழே தருகிறோம். சஞ்சிகையில் வேறு வகை விகிதம் பயன்படுத்தப்பட்டதால் அங்குள்ள தசமங்கள் சற்று மாறியிருக்கும். செய்தி மாறாது.

மோர்ட்டன்: மக்னீசியம் 40 பேரில் 1 மரணம், மற்றையோர் 36 பேரில் 2. விகிதம் 0.45. நிறை 4%.
ராஸ்முசன்: 135 பேரில் 9, 135 பேரில் 23. விகிதம் 0.39. நிறை 44%.
ஸ்மித்: 200 பேரில் 2, 200 பேரில் 7. விகிதம் 0.29. நிறை 10%.
ஆபிரகாம்: 48 பேரில் 1, 46 பேரில் 1. விகிதம் 0.96. நிறை 3%.
ஃபெல்ட்ஸ்டெட்: 150 பேரில் 10, 148 பேரில் 8. விகிதம் 1.23. நிறை 29%.
ஷெக்டர்: 59 பேரில் 1, 56 பேரில் 9. விகிதம் 0.11. நிறை 6%.
செரமுசின்ஸ்கி: 25 பேரில் 1, 23 பேரில் 3. விகிதம் 0.31. நிறை 5%.

(நிறைகளை முழு எண்ணாக்கியதால் கூட்டினால் 101 வரும்.)

முதலில் ஒரு வரியை வாசிப்போம்

ராஸ்முசன் வரியை எடுங்கள். மக்னீசியம் பெற்ற 135 பேரில் 9 பேர் இறந்தனர், நூற்றுக்கு 6.7. பெறாத 135 பேரில் 23 பேர், நூற்றுக்கு 17. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.39 வரும். இதுவே இடர் விகிதம். இரு பகுதியினரும் ஒரே அளவில் இறந்திருந்தால் விடை 1 ஆக இருக்கும். ஆகவேதான் படத்தின் நடுவிலுள்ள நிலைக்குத்துக் கோடு 1 என்ற இடத்தில் நிற்கிறது. அதனை "வித்தியாசமில்லை" என்னும் கோடு என்று நினைவில் வையுங்கள். ராஸ்முசனின் சதுரம் 0.39 என்ற இடத்தில், அதாவது கோட்டின் இடப்புறம் இருக்கும். இங்கே நாம் எண்ணுவது மரணங்களை. ஆகவே இடப்புறம் மருந்துக்குச் சாதகம்.

எல்லாப் படத்திலும் இடப்புறம் நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. புகைத்தலை விட்டவர்களின் தொகையை ஓர் ஆய்வு எண்ணினால், அங்கே வலப்புறமே நல்லது. அச்சுக்குக் கீழே எந்தப் பக்கம் எதற்குச் சாதகம் என்று சிறு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போவது இந்த வரிதான்.

சதுரத்தின் இருபுறமும் நீளும் கிடைக்கோடு என்ன? 135 பேரில் 9 மரணம் என்பது ஓரளவு தற்செயலும் கலந்த எண். அதே ஆய்வை மீண்டும் செய்தால் 7 ஆகலாம், 12 ஆகலாம். இந்தத் தற்செயலைக் கணக்கில் எடுத்தபின், உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதை அக்கோடு காட்டுகிறது. இதனை 95% நம்பிக்கை இடைவெளி என்பர். ராஸ்முசனுக்கு அது 0.19 முதல் 0.81 வரை. முழுக்கோடும் 1க்கு இடப்புறமே நிற்கிறது. ஆகவே இது தற்செயல் மட்டும் என்று சொல்வது கடினம்.

இப்போது ஆபிரகாம் வரியைப் பாருங்கள். இரு பக்கத்திலும் ஒவ்வொரு மரணம். கோடு 0.06 முதல் ஏறத்தாழ 15 வரை நீள்கிறது. மரணத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் சரி, பதினைந்து மடங்காகக் கூட்டினாலும் சரி, இரண்டுக்கும் இந்த ஆய்வு இடம் கொடுக்கிறது. வேறு வார்த்தையில் சொன்னால், இந்த ஆய்வு தனியே எமக்கு எதையும் சொல்லவில்லை. சில படங்களில் இத்தகைய நீண்ட கோடுகள் சட்டத்துக்குள் அடங்காமல் ஓர் அம்புக்குறியோடு நின்றுவிடும். அம்புக்குறியைக் கண்டால் "கோடு இன்னும் போகிறது" என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த அச்சில் 0.5, 1, 2 என்பன சம தூரத்தில் இருக்கும். பாடசாலையில் படித்த மடக்கை அளவு இது. பாதியாகக் குறைவதும் இரு மடங்காகக் கூடுவதும் எதிரெதிரான ஒரே அளவு மாற்றம் என்பதால் இப்படி வரைகிறார்கள். சாதாரண அடிமட்டத்தால் அளந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்.

சதுரம் ஏன் பெரிதும் சிறிதுமாக இருக்கிறது?

சதுரத்தின் பருமன் அந்த ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட நிறையைக் காட்டுகிறது. ஒரு பஞ்சாயத்தில் எல்லோருடைய சொல்லுக்கும் ஒரே மதிப்பு இருப்பதில்லை. நேரில் கண்டவர் சொல்வதற்கு மதிப்புக் கூட, அரைகுறையாகக் கேட்டவர் சொல்வதற்கு மதிப்புக் குறைவு. அதேபோல் தெளிவான விடை தரும் ஆய்வுக்கு, அதாவது கிடைக்கோடு குட்டையாக உள்ள ஆய்வுக்கு, கூடுதல் நிறை கொடுக்கப்படுகிறது.

நோயாளர் தொகை கூடினால் நிறை கூடும் என்று பலரும் நினைப்பார்கள். எமது வரிசையைப் பாருங்கள். ஸ்மித்தின் ஆய்வில் 400 பேர். ராஸ்முசனின் ஆய்வில் 270 பேர் மட்டுமே. ஆனால் நிறையோ ஸ்மித்துக்கு 10%, ராஸ்முசனுக்கு 44%. காரணம், ஸ்மித்தின் ஆய்வில் மொத்தம் 9 மரணங்களே நடந்தன, ராஸ்முசனின் ஆய்வில் 32. மரணத்தைப் பற்றிய கேள்விக்கு மரணங்களின் தொகையே தகவல். உயிரோடு வீடு சென்ற ஏறத்தாழ நானூறு பேர் நல்ல செய்தி, ஆனால் ஒப்பிடுவதற்கு அவர்கள் தரும் தகவல் குறைவு.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம். வைரத்தைப் பார்க்குமுன் நிறை நிரலைப் பாருங்கள். ஒரே ஆய்வு 44 வீதத்தைச் சுமந்தால், கூட்டு முடிவு பெருமளவில் அந்த ஓர் ஆய்வின் முடிவுதான். அந்த ஆய்வு எப்படி நடந்தது என்று தனியாக விசாரிக்க வேண்டும்.

இனி வைரம்

ஏழு விகிதங்களையும் அவற்றின் நிறைக்கேற்பச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 0.50 வருகிறது. இதுவே கூட்டு விளைவு. வைரத்தின் நடுப்பகுதி இந்த எண்ணின் மேல் நிற்கும். வைரத்தின் இடது, வலது முனைகள் நம்பிக்கை இடைவெளியின் எல்லைகள். இங்கே 0.31 முதல் 0.81 வரை. வலது முனைகூட 1ஐத் தொடவில்லை. ஆகவே படத்தைப் பார்ப்பவர் "மக்னீசியம் மரணத்தைப் பாதியாக்குகிறது, மிகக் குறைந்தது ஐந்திலொரு பங்காவது குறைக்கிறது" என்று சொல்லிவிடுவார்.

வைரத்துக்குக் கீழே சிறு எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். அதிலே I² என்று ஒரு குறியும் ஒரு வீதமும் காணப்படும். ஆய்வுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதை இது சொல்கிறது. அதைக் கணிக்கும் முறை இது:

I² = (Q − df) / Q × 100

Q என்பது ஒவ்வொரு ஆய்வும் கூட்டு விளைவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நிறையோடு சேர்த்துக் கூட்டிய தொகை. df என்பது ஆய்வுகளின் தொகையில் ஒன்று குறைவு. தற்செயல் மட்டும்தான் காரணமென்றால் Q ஏறத்தாழ df அளவில் இருக்கும். எமது ஏழு ஆய்வுகளுக்கு Q 7.44, df 6. ஆகவே I² சுமார் 19%. குறைந்த எண். "ஆய்வுகள் ஒத்துப்போகின்றன" என்று பலரும் இதைக்கண்டு திருப்தியடைவார்கள்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். கிடைக்கோடுகள் எல்லாம் நீண்டு கிடக்கும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று படியத்தான் செய்யும். மங்கலான கண்ணாடியால் பார்த்தால் எல்லோருடைய முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்காக அவர்கள் இரட்டையர் ஆகிவிடமாட்டார்கள். சிறிய ஆய்வுகள் சிலவற்றை மட்டும் சேர்த்த படத்தில் I² குறைவாக இருப்பது ஒற்றுமைக்கு அத்தாட்சி அல்ல. முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் பலம் அந்தப் படத்துக்கு இல்லை என்பதாகவும் இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தால், ஷெக்டரின் சதுரம் 0.11இல் நிற்க, 29% நிறையுள்ள ஃபெல்ட்ஸ்டெட்டின் சதுரம் 1.23இல், கோட்டின் மறுபுறம் நிற்பது தெரியும்.

பெரிய ஆய்வுகள் வந்தபோது

1992இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் நடந்த லிமிற்-2 என்னும் ஆய்வின் முடிவு வெளிவந்தது. 2316 நோயாளர்கள். மக்னீசியம் பெற்ற 1159 பேரில் 90 மரணம், பெறாத 1157 பேரில் 118. விகிதம் 0.76, இடைவெளி 0.59 முதல் 0.99 வரை. நன்மை இருக்கிறது, ஆனால் பாதியளவு அல்ல, நான்கிலொரு பங்கு. மருந்துக்கு ஆதரவு வலுத்தது.

பின்னர் 1995இல் ஐசிஸ்-4 வெளிவந்தது. 58,050 நோயாளர்கள். மக்னீசியம் பெற்ற 29,011 பேரில் 2216 மரணம், பெறாத 29,039 பேரில் 2103. நூற்றுக்கு 7.6, 7.2. விகிதம் 1.05. இடைவெளி ஏறத்தாழ 1.00 முதல் 1.12 வரை. நன்மை இல்லை. ஏதாவது சாய்வு இருந்தால் அது எதிர்ப்பக்கம்.

இப்போது ஒன்பது ஆய்வுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். மேலே ஏழு சிறு சதுரங்களும் அவற்றின் நீண்ட கோடுகளும், பெரும்பாலும் இடப்புறத்தில். அடுத்து லிமிற்-2, கோட்டுக்குச் சற்று இடப்புறம். கடைசியில் ஐசிஸ்-4, கோட்டோடு ஒட்டிய பெரிய சதுரம், அதன் கிடைக்கோடு சதுரத்துக்குள்ளேயே மறைந்துவிடும். ஆய்வு பெரிதாகப் பெரிதாக நன்மை கரைந்து 1ஐ நோக்கி நகர்வது கண்ணுக்கே தெரியும். I² 19 வீதத்திலிருந்து 63 வீதமாக ஏறிவிடுகிறது.

ஒரே தரவு, இரண்டு வைரம்

ஒன்பது ஆய்வுகளையும் சேர்த்துக் கூட்டு விளைவைக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. எந்த வழி என்று படத்தின் தலைப்பிலோ அடியிலோ எழுதியிருக்கும்.

முதலாவது நிலை விளைவு முறை, ஆங்கிலத்தில் ஃபிக்ஸ்ட் எஃபெக்ட். எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மையையே அளக்கின்றன, வித்தியாசமெல்லாம் தற்செயல் என்று இம்முறை எடுத்துக்கொள்கிறது. இதன்படி ஐசிஸ்-4க்கு 94% நிறை. லிமிற்-2க்கு 4.5%. மற்ற ஏழுக்கும் சேர்த்து 1.3%. கூட்டு விளைவு 1.03, இடைவெளி 0.97 முதல் 1.09 வரை. வைரம் நடுக்கோட்டின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. பயனில்லை.

இரண்டாவது எழுமாற்று விளைவு முறை, ரண்டம் எஃபெக்ட்ஸ். ஒவ்வொரு ஆய்விலும் உண்மையான விளைவே கொஞ்சம் வேறுபடலாம் என்று இம்முறை எடுத்துக்கொள்கிறது. முரண்பாடு கூடும்போது இது நிறைகளைச் சமப்படுத்த முயல்கிறது. இதன்படி ஐசிஸ்-4இன் நிறை 33 வீதமாக இறங்குகிறது. லிமிற்-2க்கு 28%. ஏழு சிறு ஆய்வுகளுக்கும் சேர்த்து 38%. கூட்டு விளைவு 0.71, இடைவெளி 0.50 முதல் 1.02 வரை. வைரம் இடப்புறம் போய்விடுகிறது, அதன் ஒரு முனை மட்டும் கோட்டைத் தொடுகிறது. இதைப் பார்ப்பவர் "பெரும்பாலும் பயன் இருக்கும் போல" என்று நினைப்பார்.

ஒரு எண்ணும் மாறவில்லை. இறந்தவர்கள் அதே பேர், பிழைத்தவர்கள் அதே பேர். மொத்த 61,667 நோயாளர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டும் கொண்ட ஏழு சிறு ஆய்வுகள், இரண்டாவது முறையில் 38% குரலைப் பெற்றதால் வைரம் இடம் மாறியது. எழுமாற்று முறை தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுகள் நியாயமாக வேறுபடும் இடங்களில் அதுவே பொருத்தமானது. ஆனால் சிறு ஆய்வுகள் எல்லாம் ஒரு பக்கமும் பெரிய ஆய்வு மறுபக்கமும் நிற்கும்போது, அது சிறு ஆய்வுகளின் பக்கம் சாய்ந்துவிடும். அப்படியொரு படத்தில் வைரத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டு, "ஏன் இந்த முரண்பாடு?" என்று கேட்பதே சரி.

முரண்பாட்டின் காரணம் என்ன?

இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, வெளிவராத ஆய்வுகள். ஐம்பது, நூறு பேரை வைத்து நடத்திய ஆய்வில் பயன் ஒன்றும் தெரியாவிட்டால் அது பெரும்பாலும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். தற்செயலாகப் பெரிய பயன் தெரிந்தால் அது சஞ்சிகைக்குப் போகும். பிறகு வெளிவந்தவற்றை மட்டும் சேர்ப்பவருக்கு நன்மை மட்டுமே தெரியும். 58,050 பேரின் ஆய்வை எவராலும் இழுப்பறைக்குள் வைக்க முடியாது. சிறு ஆய்வுகளின் சதுரங்கள் இருபுறமும் சிதறாமல் ஒரே பக்கம் குவிந்திருப்பது இதன் அடையாளம்.

இரண்டாவது விளக்கம், மருந்து கொடுத்த நேரம். ஐசிஸ்-4இல் பலருக்கு முதலில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து, அதன் பின்னரே மக்னீசியம் ஏற்றப்பட்டது, அதனால்தான் பயன் தெரியவில்லை என்று சிலர் வாதிட்டார்கள். நியாயமான கேள்வி. இதனை வாதத்தால் தீர்க்க முடியாது, இன்னொரு ஆய்வால்தான் தீர்க்க முடியும். மஜிக் என்னும் ஆய்வு அதற்காகவே நடந்தது. ஆபத்துக் கூடிய நோயாளர்களைத் தெரிந்தெடுத்து, நோ தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் மக்னீசியம் ஏற்றினார்கள். 2002இல் முடிவு வந்தது. 30 நாட்களுக்குள் மக்னீசியம் பெற்ற 3113 பேரில் 475 மரணம், பெறாத 3100 பேரில் 472. நூற்றுக்கு 15.3, 15.2. விகிதம் 1.00. நேரத்தைப் பற்றிய விளக்கம் அத்துடன் வலுவிழந்தது. மாரடைப்பில் மரணத்தைக் குறைப்பதற்காக எல்லோருக்கும் மக்னீசியம் ஏற்றும் யோசனை கைவிடப்பட்டது.

இதனால் மக்னீசியமே பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். அதே 2002இல் வெளிவந்த மக்பை ஆய்வில், கர்ப்பகால இரத்த அழுத்த நோயான பிரீ-எக்லம்சியா உள்ள தாய்மாருக்கு மக்னீசியம் சல்பேற் கொடுத்தபோது வலிப்பு வருவது பாதிக்கும் கீழே குறைந்தது. அந்தப் பயன்பாடு இன்றும் உண்டு. ஒரு மருந்து, ஒரு நோய், ஒரு கேள்வி என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

படமாக வந்த பக்கத்தில் பார்க்க வேண்டியவை

அடுத்த முறை இப்படியொரு படம் உங்கள் கைக்கு வந்தால், பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. தலைப்பு இருக்கிறதா? எந்த நோயாளருக்கு, எந்த மருந்து, எந்த வழியாக, எதை எண்ணினார்கள் என்பது அதில்தான் இருக்கும். மேலே சொன்ன ஆய்வுகள் யாவும் வைத்தியசாலையில் நாளத்தினூடாக ஏற்றிய மக்னீசியம் பற்றியவை. கடையில் வாங்கும் மக்னீசியம் குளிசைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

2. ஆண்டு என்ன? 1991ஆம் ஆண்டுப் பக்கத்தை மட்டும் படமெடுத்தால் 1995உம் 2002உம் அதில் இருக்க மாட்டா. படம் பொய் சொல்லவில்லை, ஆனால் கதை பாதியில் நிற்கிறது.

3. அச்சின் இரு முனைகளும், எந்தப் பக்கம் எதற்குச் சாதகம் என்ற வரியும் தெரிகின்றனவா? வெட்டுப்பட்டிருந்தால் முழுப்பக்கத்தையும் கேளுங்கள். புத்தகத்தின் மடிப்பால் பக்கம் வளைந்திருந்தால் நடுக்கோடும் வைரமும் இடம் மாறித் தோன்றும். அப்போது வரைதலை நம்பாமல் வலப்புறத்தில் அச்சிட்டுள்ள எண்களை வாசியுங்கள்.

4. நிறை யாரிடம் இருக்கிறது? மிகப்பெரிய ஆய்வின் சதுரமும் வைரமும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா? பெரிய ஆய்வு ஓரிடம், வைரம் வேறிடம் என்றால் எச்சரிக்கை.

5. I² எவ்வளவு? கூடுதலாக இருந்தால் முரண்பாடு உண்டு. குறைவாக இருந்தால் ஆய்வுகளின் தொகையையும் கோடுகளின் நீளத்தையும் பார்த்த பின்னரே நம்புங்கள்.

6. நூற்றுக்கு எத்தனை பேர்? "பாதியாகக் குறைகிறது" என்பது விகிதம். நூற்றுக்கு 8 பேர் 4 ஆவதும் பாதிதான், பத்தாயிரத்துக்கு 2 பேர் 1 ஆவதும் பாதிதான். விகிதம் மட்டும் கொண்ட படம் இதைச் சொல்லாது. பக்கத்திலுள்ள மரண எண்ணிக்கைகளே சொல்லும்.

கடைசியாக ஒரு முக்கிய விடயம். இத்தகைய படங்களைப் பார்த்துவிட்டு, மாரடைப்பின் பின் எழுதிக்கொடுத்த அஸ்பிரின், கொலஸ்ரரோல் குளிசை, இரத்த அழுத்தக் குளிசை ஆகியவற்றை நிறுத்தி மக்னீசியத்துக்கு மாறுவது ஆபத்தானது. எமது மக்களிடையே நீரிழிவு அதிகம், அதனால் சிறுநீரகம் பலவீனமானவர்களும் பலர். சிறுநீரகமே உடலில் மிஞ்சும் மக்னீசியத்தை வெளியேற்றுகிறது. அது பழுதடைந்தவர்கள் தொடர்ந்து மக்னீசியம் குளிசைகளையோ மக்னீசியம் கலந்த பேதி மருந்துகளையோ எடுத்தால் அது இரத்தத்தில் தேங்கிக் களைப்பு, தசைப் பலவீனம், இரத்த அழுத்தம் வீழ்தல், இதயத்துடிப்பு மந்தமாதல் என்பன ஏற்படலாம். இப்போது எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் வைத்தியரிடம் கடைசி இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலை என்னவென்று கேட்டு, குளிசைப் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். படத்தையும் கொண்டுபோங்கள், ஆனால் வைரம் உள்ள மூலையை மட்டுமல்ல, முழுப்பக்கத்தையும்.